யாருடைய பில் என்று முதலில் சொல்லுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வீடுகளுக்கு சோலார் பேனல் மாட்டித் தருகிறேன். வேலை முடிந்த மாடியைப் படம் எடுத்து, கீழே ‘2 கிலோவாட் சோலார், மாதம் 3,000 ரூபாய் மிச்சம் உறுதி’ என்று எழுதி இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் போடுகிறேன். அதைப் பார்த்து மாட்டிய ஒருவர், ‘நீங்க சொன்ன அளவுக்குக் குறையலியே’ என்று பில்லோடு வந்து நிற்கிறார். எண்ணே போடாவிட்டால் யாரும் விசாரிப்பதில்லை. சண்டையும் வரக் கூடாது, ஆளும் வர வேண்டும். என்ன எழுதலாம்?

பதில்: எண்ணைத் தாராளமாகப் போடுங்கள். ஆனால் நீங்கள் எழுதிய வரியில் ‘உறுதி’ என்ற சொல்லைவிடப் பெரிய சிக்கல் ‘மாதம்’ என்ற சொல்லில் இருக்கிறது. நம் ஊரில் வீட்டுக்கு ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. மாதம் 3,000 என்றால் ஒரு பில்லுக்கு 6,000. இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் எரிக்கிற வீட்டின் மொத்த பில்லே 4,000 ரூபாயைத் தொடுவதில்லை. இல்லாத பில்லிலிருந்து 6,000 எப்படிக் குறையும்? உங்கள் மனதில் இருந்தது பில்லுக்கு 3,000 என்றுதான் நினைக்கிறேன். படிக்கிறவர் எழுதியதைத்தான் படிப்பார். அதனால் முதல் திருத்தம், எங்கெல்லாம் ‘மாதம்’ வருகிறதோ அங்கெல்லாம் ‘இரண்டு மாத பில்’ என்று மாற்றுங்கள்.

அடுத்தது, யாருடைய பில் என்பது. நீங்கள் மாட்டும் 2 கிலோவாட் எல்லா மாடியிலும் ஏறக்குறைய ஒரே அளவு யூனிட்டைத்தான் தரும். ஆனால் ஒவ்வொரு யூனிட்டும் எவ்வளவு ரூபாய் என்பதை அந்த வீட்டின் பயன்பாடு தீர்மானிக்கிறது, ஏனென்றால் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. 2024 ஜூலையில் வந்த விகிதத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500-க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.70 தான். 500-க்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50.

சோலார் யூனிட் கழியும்போது பில்லின் உச்சியிலிருந்துதான் கழிகிறது. முதலில் 9.45 ரூபாய் யூனிட்டுகள் போகும், பிறகு 8.40, பிறகு 6.30. கீழே வர வர மலிவான யூனிட்டுகள்தான் கழிக்கக் கிடைக்கும், கடைசியில் இலவச 100. இலவசமாகக் கிடைப்பதை சோலாரில் எடுத்தாலும் மிச்சம் பூஜ்யம்தான்.

இப்போது இரண்டு வீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2 கிலோவாட் அமைப்பு 60 நாளில் 384 முதல் 480 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

முதல் வீட்டில் ஒரு ஏ.சி., தண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜ். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட். சோலார் இல்லாமல் பில் 3,825 ரூபாய். சோலார் 384 யூனிட் தந்தால் மீதி 316 யூனிட்டுக்கு பில் 780 ரூபாய். 480 தந்தால் மீதி 220-க்கு 329 ரூபாய். ஆக மிச்சம் சுமார் 3,045-லிருந்து 3,496 வரை. உங்கள் 3,000 இந்த வீட்டில் உண்மை, அதுவும் இரண்டு மாதத்துக்கு.

இரண்டாவது வீட்டில் ஏ.சி. கிடையாது, 300 யூனிட். சோலார் இல்லாமலேயே பில் 705 ரூபாய்தான். அதே பேனல், அதே இன்வெர்ட்டர், அதே வெயில். மிச்சம் 705-ஐத் தாண்ட வழியே இல்லை. மேலே வரும் யூனிட் அடுத்த பில்லுக்குக் கணக்கில் போகும், அங்கேயும் கழிப்பதற்கு அதே 705 ரூபாய் பில்தான் காத்திருக்கும்.

ஒரே பொருள், ஒரு வீட்டில் மூவாயிரத்துச் சொச்சம், இன்னொரு வீட்டில் எழுநூறு. யாருடைய பில் என்று சொல்லாமல் ஓர் எண்ணைப் போட்டால் இரண்டாவது வீட்டுக்காரர் அதைத் தன் எண்ணாகத்தான் படிப்பார். இரண்டாவது வீட்டுக்கு 2 கிலோவாட் மாட்டவே கூடாது என்பது என் கருத்து. மாட்டினால் அவர்தான் நாளை பில்லோடு வருவார்.

வடசென்னையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கொருக்குப்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் ஒரே கட்டடத்தில் மூன்று நான்கு போர்ஷன் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர். வீட்டுக்காரர் ‘எங்க பில்டிங்குக்கு 700 யூனிட் ஆவுதுங்க’ என்று சொல்லுவார். அது இரண்டு மீட்டரில் 350, 350 ஆக இருக்கலாம். ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனியாக 100 யூனிட் இலவசம் உண்டு, இரண்டும் 500-க்குள். அப்போது கட்டடத்தின் மொத்த பில் 940 இரண்டு தடவை, அதாவது 1,880. உள்ளே வரும் யூனிட், வெளியே போகும் யூனிட் இரண்டையும் அளக்கும் நெட் மீட்டர் ஒரே ஒரு சர்வீஸ் நம்பரில்தான் உட்காரும், கழியப்போவதும் அந்த ஒரு 940 மட்டும். ஆகவே விசாரிக்கிறவரிடம் யூனிட்டை வாயால் கேட்காதீர்கள். அந்த சர்வீஸ் நம்பரின் கடைசி ஆறு பில்லைக் கேளுங்கள். ஆறு பில் என்றால் ஒரு முழு வருடம், கோடையும் மழையும் அதற்குள் வந்துவிடும். மே மாத பில் ஒன்றை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏ.சி. ஓடிய காலத்தின் உச்சி யூனிட்டுகளை வருடம் முழுக்கக் கழிப்பது போல ஆகிவிடும்.

கடைக்கும் பட்டறைக்கும் விகிதம் வேறு, வெளியே அனுப்பும் யூனிட்டைக் கணக்கில் எடுக்கும் முறையும் வேறு. அந்த வாடிக்கையாளர்களுக்கு வீட்டுக் கணக்கைக் காட்டாதீர்கள்.

சரி, 384 முதல் 480 வரை என்ற எண்ணுக்கு வருவோம். ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளில் 3.2 முதல் 4 யூனிட் என்று வைத்தேன். சென்னையில் நிழலில்லாத, தெற்குப் பார்த்த, 10 முதல் 13 டிகிரி சாய்வுள்ள, துடைத்து வைத்த பேனலுக்கு வருடச் சராசரியாக 4 யூனிட் என்பது தொழிலில் எல்லோரும் எடுத்துக்கொள்கிற அளவு. 3.2 என்பது தூசும் கொஞ்சம் நிழலும் சேர்ந்த மாடிக்கு நான் வைக்கும் கீழ் எல்லை. இரண்டும் சராசரி. மார்ச் மாதத்தில் மேகமில்லாத ஒரு நாள் 2 கிலோவாட் அமைப்பு 10 யூனிட் கூடத் தரும். அன்றைக்கு ஆப்பில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ‘ஒரு நாளைக்கு 10 யூனிட்’ என்று போட்டு, பார்ப்பவர் அதை 365-ஆல் பெருக்கினால் 3,650 யூனிட். நம் மதிப்பீடோ 2,336 முதல் 2,920. நல்ல எல்லையைவிடவும் கால் பங்கு கூடுதலாக அவர் எதிர்பார்த்துக்கொண்டு இருப்பார். அந்த ஸ்க்ரீன்ஷாட் பொய் இல்லை, ஆனாலும் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு முழு வருட வரைபடத்தைப் போடுங்கள். நவம்பர், டிசம்பர் தாழ்ந்திருப்பதும் அதில் தெரியட்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்து பில் ஒன்று நம் கீழ் எல்லைக்கும் கீழே போகக்கூடும். அதனால்தான் எண்ணுக்குப் பக்கத்தில் ‘வருடச் சராசரி’ என்ற இரண்டு சொல் கட்டாயம் வேண்டும்.

வெயில் அதிகம் என்றால் மின்சாரமும் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். பேனலில் எழுதியிருக்கும் வாட் அளவு, செல்லின் சூடு 25 டிகிரி இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. நம் மாடியில் மே மாத மதியம் செல் சூடு 60 டிகிரியைத் தொடும். சாதாரண மோனோ பெர்க் பேனலில் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். 35 டிகிரி வித்தியாசத்துக்கு 12 சதவீதம் போச்சு. பேனலைத் தரையோடு ஒட்டி, காற்றுப் போக இடமில்லாமல் வைத்தால் இதற்கு மேலும் போகும். பேனலின் வாட்டை வெயில் நேரத்தால் பெருக்கிச் சொல்லும் கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது.

3.2-ஆ 4-ஆ என்று முடிவு செய்வதில் நிழலுக்குத்தான் பெரிய பங்கு. நீங்கள் மாடியைப் பார்க்கப் போவது பெரும்பாலும் கோடையில், ஏனென்றால் பில் எகிறும்போதுதான் ஆள் கூப்பிடுவார். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். தெற்குப் பக்கத்தில் இருக்கும் படிக்கட்டு ரூமின் நிழல் அப்போது பேனல் பக்கம் வரவே வராது. ‘நிழலே இல்லை’ என்று எழுதிக்கொண்டு இறங்கிவிடுவீர்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து, நண்பகலிலேயே 53 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அப்போது ஒரு பொருளின் உயரத்தில் முக்கால் பங்கு நீளத்துக்கு வடக்கே நிழல் விழும். காலை 9 மணிக்கு உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், வடமேற்காக.

கையில் டேப் இருந்தால் போதும். படிக்கட்டு ரூம் இரண்டரை மீட்டர் உயரம் என்றால் டிசம்பர் நண்பகலில் நிழல் ஏறக்குறைய 1.9 மீட்டர், காலை 9 மணிக்கு 3.9 மீட்டர். அந்தத் தூரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் தளத்தில் கோடு போட்டுப் பாருங்கள். பேனல் கோட்டுக்குள் வந்தால் 4 யூனிட் கணக்கு உங்களுக்குக் கிடையாது. பேனலின் உயரத்தைக் கழிக்க மறக்காதீர்கள். ஸ்டாண்ட் ஒரு மீட்டர் என்றால், தடையின் உயரத்தில் அந்த ஒரு மீட்டர் குறையும். சிண்டெக்ஸ் தொட்டி, டிஷ் ஆன்டெனா, துணி காயப்போடும் கம்பி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. தொட்டி நிழல் ஒரு பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு செல்லை பைபாஸ் டயோடு ஒதுக்கிவிடும். கையளவு நிழல்தானே என்று விடக் கூடாது என்பது இதனால்தான்.

பக்கத்து மனை காலியாக இருந்தாலோ, பக்கத்து வீடு ஒரே மாடியாக இருந்தாலோ அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடியில் இன்றைக்கு ஒரு மாடி, அடுத்த வருடம் மூன்று மாடி. அது உங்கள் தப்பில்லை, ஆனால் முன்பே எழுதி வைத்திருந்தால்தான் அது உங்கள் தப்பில்லை என்று சொல்ல முடியும்.

தூசுக்கு வருவோம். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் கண்டெய்னர் லாரி ஓடும் சாலையை ஒட்டிய மாடியும், பெரம்பூரில் மரம் சூழ்ந்த தெருவின் மாடியும் ஒன்றில்லை. சாம்பலும் சாலைத் தூசும் பேனல் மேல் படிந்து, விடியற்காலைப் பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்தால் சிமென்ட் பால் பூசினது போலப் பிடித்துக்கொள்ளும். காசிமேட்டில் தூசு குறைவு, காக்கா எச்சம் அதிகம். எவ்வளவு இழப்பு என்று ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். மேகமில்லாத ஒரு நாள் காலை பதினொன்றரைக்கு இன்வெர்ட்டர் திரையில் ஓடும் கிலோவாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் விடியற்காலையில் பேனலைக் கழுவுங்கள். அன்றைக்கும் வானம் தெளிவாக இருந்தால் அதே பதினொன்றரைக்கு மறுபடி பாருங்கள். முதல் நாள் 1.42, மறுநாள் 1.55 என்றால் தூசு தின்றது 8 சதவீதத்துக்குச் சற்று மேல். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதால்தான் இரண்டு நாளாகப் பிரித்துச் சொன்னேன். உப்புப் போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்தபின் வெள்ளைத் திட்டு நிற்கும், இழப்பு பழையபடி வந்துவிடும். மெட்ரோ தண்ணீரில் கழுவி, ரப்பர் வைப்பரால் இழுத்துவிடச் சொல்லுங்கள். இந்தச் சோதனையை ஏற்கெனவே மாட்டிய நாலு மாடியில் செய்து வைத்தால், எந்தத் தெருவுக்கு 3.2, எந்தத் தெருவுக்கு 3.6 என்று உங்களிடம் சொந்தக் கணக்கு இருக்கும். யாரிடமும் கடன் வாங்கிய எண்ணைவிட அது உறுதியானது.

இத்தனையும் படத்துக்குக் கீழே எழுத இடமிருக்காது. எழுதவும் வேண்டாம். நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்:

‘2 கிலோவாட் வீட்டு சோலார், தண்டையார்பேட்டை. எங்கள் மதிப்பீடு: இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் வரும் வீட்டில் ஒரு பில்லுக்கு சுமார் 3,000 முதல் 3,500 ரூபாய் குறையலாம். 300 யூனிட் வீட்டில் 700 ரூபாய்தான் குறையும். இது மதிப்பீடு, உத்தரவாதம் கிடையாது.

எப்படிக் கணக்கிட்டோம்: ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 3.2 முதல் 4 யூனிட், வருடச் சராசரி. மழைக்கால பில்லில் மிச்சம் குறையும். 2024 ஜூலை வீட்டுக் கட்டண விகிதம். ஒரே சர்வீஸ் நம்பர், நெட் மீட்டர் மாட்டிய பிறகு, வீட்டின் பயன்பாடு கூடாமல் இருந்தால். நிழல், தூசு, கட்டண மாற்றம் இந்த எண்ணை மாற்றும். இது படத்தில் உள்ள வீட்டின் பில் கணக்கு இல்லை. பேட்டரி இல்லாத வகை, கரண்ட் போனால் இதுவும் நிற்கும்.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு? கடைசி ஆறு ஈ.பி. பில்லும் மொட்டை மாடி படமும் அனுப்புங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறோம்.’

இதில் சில இடங்களைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். 300 யூனிட் வீட்டை ஏன் இழுத்தேன் என்று தோன்றலாம், வியாபாரம் கெடாதா என்று. விசாரிக்கும் ஆள் எண்ணிக்கை கொஞ்சம் குறையும். ஆனால் வருகிறவர் தன் பில்லை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவார், உங்கள் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மதிப்பீடு என்ற சொல் முதல் பத்தியிலேயே, எண்ணை ஒட்டி நிற்கிறது. செல்போனில் இரண்டு வரிக்கு மேல் மடங்கிவிடும், தட்டினால்தான் மீதி தெரியும். எண் மேலேயும் நிபந்தனை மடிப்புக்குள்ளேயும் போனால் பாதிப் பேர் எண்ணை மட்டும்தான் பார்ப்பார்கள். படத்தின் மேலேயே எண்ணை எழுதுவதாக இருந்தால், ‘மதிப்பீடு’ என்பதையும் அதே அளவு எழுத்தில் படத்திலேயே எழுதுங்கள். இதை என் விருப்பமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள், விளம்பரத்தில் சொல்லும் வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் விளக்கக் குறிப்பும் இருக்க வேண்டும் என்கின்றன. முக்கியமான தகவலை மறைக்கவோ, மேலே சொன்னதைக் கீழே மறுக்கவோ குறிப்பைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கின்றன. தமிழில் ‘உறுதி’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, மூலையில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் நிபந்தனை போடும் பழக்கம் இரண்டு விதத்திலும் மாட்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி இருக்கிறது.

‘90 சதவீதம் வரை குறையும்’ என்று எழுதித் தப்பிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். ‘வரை’ என்பது எழுதுகிறவர் கண்ணுக்குத்தான் தெரியும், படிக்கிறவர் கண்ணில் 90 மட்டுமே நிற்கும். கீழ் எல்லையும் மேல் எல்லையும் சேர்ந்து இருந்தால்தான் அது மதிப்பீடு.

‘25 வருடம் இலவச கரண்ட்’ என்பதும் வேண்டாம். 25 வருட வாரன்ட்டி பேனலின் வாட் திறனுக்குக் கொடுப்பது. முதல் வருடத்தில் 2 சதவீதம், பிறகு வருடத்துக்கு அரை சதவீதம் அளவுக்கு அந்தத் திறன் குறையும் என்று அந்த வாரன்ட்டி அட்டையிலேயே எழுதியிருக்கும். இன்வெர்ட்டர் வாரன்ட்டி அதைவிட வெகு சீக்கிரம் முடிந்துவிடும். பில்லுக்கு யாரும் வாரன்ட்டி தருவதில்லை. மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் உண்டு. அது வாடிக்கையாளர் கணக்குக்கு வரும் பணம். அதைக் கழித்துவிட்டு ‘எங்கள் விலை’ என்று போடாதீர்கள், முழு விலையைப் போட்டுவிட்டு மானியத்தைத் தனி வரியாக எழுதுங்கள்.

‘நெட் மீட்டர் மாட்டிய பிறகு’ என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பேனல் ஏறினதும் வாடிக்கையாளர் அவசரப்படுவார், ‘சும்மா ஆன் பண்ணி விடுங்க’ என்பார். இரண்டு பக்கமும் அளக்கும் மீட்டர் வராத நிலையில் இன்வெர்ட்டரை ஓட விட்டால், வெளியே போகும் யூனிட்டையும் சில பழைய மீட்டர்கள் பயன்படுத்திய யூனிட்டாகவே கூட்டிவிடும். சோலார் மாட்டி பில் ஏறிப் போன வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மீட்டர் மாறும் நாள் வரை இன்வெர்ட்டரிலிருந்து வீட்டு லைனுக்குப் போகும் பிரேக்கரை இறக்கி வையுங்கள்.

இப்போது உங்கள் முன்னால் பில்லோடு நிற்பவருக்கு வருவோம். அவரிடம் வாதாடாமல் மூன்று எண்ணை வாங்குங்கள். இன்வெர்ட்டர் ஆப்பில் அந்த இரண்டு மாத உற்பத்தி, மீட்டரில் உள்ளே வந்த யூனிட், வெளியே போன யூனிட். உற்பத்தியிலிருந்து வெளியே போனதைக் கழித்து, உள்ளே வந்ததைக் கூட்டினால் வீடு உண்மையில் எரித்தது எவ்வளவு என்று வந்துவிடும்.

உதாரணமாக உற்பத்தி 430, வெளியே போனது 250, உள்ளே வந்தது 690 என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் வருவது 690-இல் 250 போக 440 யூனிட்டுக்கு, அதாவது 1,427 ரூபாய். அவர் 700 யூனிட் வீட்டுக்காரர், 3,825 பில் 800-க்குள் வரும் என்று எதிர்பார்த்தவர். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் 430-இல் 250 போக 180, அதோடு 690 சேர்த்தால் 870. வீடு இந்தத் தடவை 870 யூனிட் எரித்திருக்கிறது. சோலார் இல்லாமல் இருந்தால் இந்த பில் 5,505 ரூபாய். பில்லில் குறைந்த தொகை 4,078. சோலார் இருக்கிறதே என்று ஏ.சி.யைக் கூடுதல் நேரம் ஓட்டினார்களா, புதிதாக இன்னொன்று வாங்கினார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். பதில் அங்கே இருக்கும்.

மாறாக, உற்பத்தியே 300-க்குக் கீழே இருந்தால் தப்பு மாடியில் இருக்கிறது. தூசா, நிழலா, இன்வெர்ட்டர் பகலில் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறதா என்று வரைபடத்தைப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் பள்ளம் விழுந்தால் நிழல். வளைவு ஒழுங்காக இருந்து மொத்தமாகத் தாழ்ந்திருந்தால் தூசு. நண்பகலில் பூஜ்யத்துக்கு விழுந்து சில நிமிடத்தில் எழுந்தால், தெருவின் மின்னழுத்தம் ஏறி இன்வெர்ட்டர் தன்னைத் தானே துண்டித்துக்கொள்கிறது. அதற்கு இன்வெர்ட்டரின் பிழைப் பதிவை எடுத்துக்கொண்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

இனி மாட்டும் ஒவ்வொரு வீட்டிலும், நெட் மீட்டர் ஏறும் அன்று இன்வெர்ட்டரின் மொத்த உற்பத்தி எண்ணையும் மீட்டரின் உள், வெளி எண்களையும் தேதியோடு படம் எடுத்து, கடந்த ஆறு பில்லோடு சேர்த்து வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.